ஈரத் தாளும் என் கையும்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ளங்கை வியர்க்கும். வெயில், மழை என்று கணக்கு கிடையாது. மார்கழிப் பனியிலும் வியர்க்கும். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளின் மேல் கைக்குட்டையை விரித்து, அதன் மேல் கையை வைத்துத்தான் எழுதுவேன். அப்படியும் எழுத்து ஊறிவிடும். பெரியாஸ்பத்திரியில் ஒருமுறை கேட்டதற்கு, "இது உடம்பு வாகும்மா, பயப்படாண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கல்யாணத்தன்று கையைப் பிடித்த என் வீட்டுக்காரரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நாங்கள் குடியிருக்கிற குற்றாலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். நாள் முழுக்க எண்ணெயிலும் தண்ணீரிலும் ஊறுகிற கை அவருடையது. என் கை அவருக்கு வித்தியாசமாகவே பட்டிருக்காது.

கோயிலில் மட்டும் இந்தக் கை எனக்கு வசதியாக இருந்தது. தென்காசிப் பெரிய கோயில் வாசலில் காற்று ஆளைத் தள்ளும். வாங்கிய திருநீற்றைப் பொத்திப் பிடிப்பதற்குள் பாதி பறந்துவிடும். என் கையில் விழுந்தது அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கோயில் அம்மன் உலகம்மை எனக்கென்று கொடுத்த சலுகை என்று நினைத்துக்கொள்வேன். பத்தாவது வரை படித்தவளுக்கு அவ்வளவுதான் யோசிக்கத் தெரியும்.

அருவியில் தண்ணீர் விழுகிற மாதங்களில்தான் என் வீட்டுக்காரருக்கு வேலை. மற்ற மாதங்களில் கிடைத்ததைச் செய்வார். பலநாள் ஒன்றும் கிடைக்காது. அதனால் தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்தேன். மாதம் பிறந்தால் அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அரிசி விழுந்தது. அந்த வேலை என் கையைவிட்டுப் போகக் கூடாது என்பதுதான் தினமும் விளக்கேற்றும்போது நான் கேட்ட ஒரே வரம்.

கடை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் இருந்தது. முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். நெற்றி நிறையத் திருநீறு பூசுவார். கடை திறந்ததும் மெஷினுக்கும் மூன்று விரலால் பட்டை போடுவார். உள்ளே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நோட்டீஸ், வாடகை ஒப்பந்தம் எல்லாம் அடிக்கிற ஒரு அக்கா. எனக்கு முன்னாலிருந்தே அங்கே இருந்தவள். வாய்க்கு வாய் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நம்பி நான் முதல் மாதம் ஏமாந்துபோனேன்.

எனக்கு மெஷின் பக்கம் வேலை. ஜெராக்ஸும் பிரிண்டும் ஒரே மெஷினில்தான். அடியில் இழுத்துத் திறக்கிற ட்ரேயில் தாளை வைக்க வேண்டும். கட்டைப் பிரித்து, தாளை விசிறி மாதிரி விரித்து ஒன்றோடொன்று ஒட்டாமல் உதறி, மேசையில் தட்டி ஓரம் சேர்த்து, உள்ளே வைத்து, தாள் நகராமல் தடுக்கிற கைடை இரண்டு பக்கமும் தாளோடு அணைத்துவைக்க வேண்டும். அண்ணாச்சிதான் சொல்லித்தந்தார். அவர் தாளைப் பிரிக்கும்போதெல்லாம் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். ஒவ்வொரு தடவையும். அது அவருக்கே தெரியாது.

கோடைக்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. மெஷின் பாட்டுக்கு ஓடியது. ஒருநாள், "உன் கை நல்ல கைம்மா" என்றுகூட அண்ணாச்சி சொன்னார். அன்றைக்கு நான் வீட்டில் பாயசம் வைத்தேன்.

சாரல் தொடங்கியது. எங்கள் ஊரில் சாரல் என்றால் ஊரே குளிரும். மலையிலிருந்து மேகம் இறங்கி, தூறலும் வெயிலும் மாறிமாறி வரும். கயிற்றில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். கடைச் சுவர் ஓதம் ஏறி, கை வைத்தால் பிசுபிசுக்கும். அந்தச் சுவரோரம் தரையில்தான் தாள் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். நானும்தான். அது சுவர், இது தாள் என்றுதான் மனதில் பட்டது.

அந்த வாரமே மெஷின் வம்பு பண்ண ஆரம்பித்தது. ஒரு தாள் கேட்டால் மூன்று தாள் சேர்ந்து வரும். மேல் தாளில் பாதி அச்சு, அடித்தாளில் மீதி. இல்லாவிட்டால் உள்ளே போன தாள் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். மெஷின் கீச்சென்று கத்தி நின்றுவிடும். கதவைத் திறந்தால் தாள் விசிறி மடிப்பு மாதிரி நொறுங்கிக் கிடக்கும். கிழியாமல் இழுக்க வேண்டும். துண்டு உள்ளே தங்கினால் அடுத்த தாளும் சிக்கும்.

ஒரு காலை நேரம். கடையில் நல்ல கூட்டம். சுரண்டையிலிருந்து பட்டா நகல் எடுக்க வந்த பெரியவர் ஒருவர் பஸ்ஸுக்கு அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவையாகத் தாள் சிக்கியது. நான் கதவைத் திறந்து இழுத்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி பின்னால் வந்து நின்று, நான் எடுத்துவைத்த தாளைத் தொட்டுப்பார்த்தார்.

"ஏம்மா, தாளு ஈரமா இருக்கு?"

"சாரல்லா அண்ணாச்சி."

"கையைக் காட்டு."

காட்டினேன். பதற்றத்தில் சாதாரண நாளைவிட அதிகமாகவே வியர்த்திருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, அந்தப் பெரியவருக்கு நேராக நீட்டினார்.

"பாத்தேளா பெரியவரே. சொட்டுது. இந்தக் கையை வச்சு தாளைப் பிடிச்சா மெஷினு எப்படி வே ஓடும்?"

பெரியவர் என் கையைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு பஸ்ஸு போயிரும். வேற யாரையாச்சும் எடுத்துத் தரச் சொல்லும்" என்றார். அவர் பாவம், அவர் அவசரம் அவருக்கு.

உள்ளேயிருந்து அக்கா எட்டிப்பார்த்தாள். "விரலுக்கு ஒண்ணா கொட்டுதே. ஐந்தருவில்லா இது. குத்தாலத்துல இருந்து வரும்போது கூடவே கொண்டாந்துட்டா போல."

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு எனக்கு விழுந்த பேர்தான் ஐந்தருவி. டீ கொண்டுவருகிறவர் முதல் பக்கத்துக் கடைக்காரர் வரை அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். "ஐந்தருவி, தண்ணி நல்லா விழுதா?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் நிஜமாகவே அருவியைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, "நாங்க இப்பதாங்க வாறோம், நல்லா விழுது" என்று பதில் சொன்னதும் உண்டு. அதற்கு இன்னும் சிரிப்பார்கள்.

மறுநாள் அண்ணாச்சி ஒரு முகப்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தார்.

"இனிமே தாளைத் தொடுததுக்கு முன்னால ரெண்டு கையிலயும் இதைப் போடணும். நல்லா தேய்ச்சுப் போடணும். சரியா?"

"சரி அண்ணாச்சி."

"நான் பாத்துட்டேதான் இருப்பேன்."

போட்டேன். ஒவ்வொரு தடவை ட்ரே திறக்கும்போதும் போட்டேன். வியர்வையில் பவுடர் குழைந்து கை முழுக்க வெள்ளையாகத் திட்டுத்திட்டாக நிற்கும். மேலே இன்னும் போடுவேன். தாளில் உதிரும். ட்ரேக்குள் உதிரும். மல்லிகைப் பூ வாசனையடிக்கிற பவுடர். வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்தாலும் அந்த வாசனைதான் வரும். மற்றவர்களுக்கு அது சந்தோஷமான வீட்டு வாசனை. இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

மெஷின் சரியாகவில்லை. இன்னும் மோசமானது. முன்பு மூன்று தாள் சேர்ந்து வரும். இப்போது சில நேரம் ஒரு தாளும் வராது. உள்ளே ரோலர் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும், தாள் அசையாது. அடுத்த நொடி கொத்தாக இழுக்கும். அதோடு அக்கா அடிக்கடி ட்ரேயில் நீளமான லீகல் சைஸ் தாளை வைத்து ஒப்பந்தம் அடிப்பாள். வேலை முடிந்ததும் மிச்சத்தை எடுத்துவிட்டு அப்படியே மூடிவிடுவாள். நான் ஏ ஃபோர் தாளை வைப்பேன். பக்கத்துக் கைடு அணைந்துதான் இருக்கும். பின்னால் இருக்கிற கைடு நீளத் தாளுக்கான இடத்திலேயே நிற்பதை நான் கவனிக்கவில்லை. அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவும் இல்லை. தாள் உள்ளே முன்னும் பின்னும் நகர்ந்து கோணலாகப் போய்ச் சிக்கும். சிக்கியதும் அக்காதான் முதலில் குரல் கொடுப்பாள்.

"அண்ணாச்சி, ஐந்தருவியில தண்ணி ஜாஸ்தி. குளிக்கத் தடை போட்டுருங்க."

ஏம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி, "ஏட்டி, கையை எடு அங்கனயிருந்து" என்று சொல்ல ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். என் வயதுக்கும், என் தாலிக்கும், என்னை ஏட்டி என்று கூப்பிட என் தகப்பனாருக்குப் பிறகு யாரும் இருந்ததில்லை. அவர் பாசமாகக் கூப்பிட்டார். இது வேறு.

ராத்திரி சாமி விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து கையை நீட்டிக் கேட்டேன். அம்மா, தாயே, இந்தக் கையைக் காயவை. வேறொன்றும் வேண்டாம். என் வீட்டுக்காரர் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, அவனுக்கு மெஷினு ஓடலேன்னா மெக்கானிக்கைக் கூப்பிடணும். உன் கையை எதுக்குப் பிடிச்சுத் தொங்குதான்?"

"மெஷினு நல்ல மெஷினாம். புதுசுதானாம்."

"அப்பம் உன் கை பழசா?"

அவர் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகைதான் வந்தது.

கடைசியில் அண்ணாச்சியே திருநெல்வேலியிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார். கல்யாண சீசனுக்கு நோட்டீஸ் அடிக்கிற வேலை வந்திருந்தது. நூறு தாள் அடித்தால் முப்பது தாள் குப்பைக்குப் போனது. மெக்கானிக் அதிகம் பேசாத ஆள். ட்ரேயை முழுசாக வெளியே இழுத்துத் தரையில் வைத்தார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். ஒரு ரப்பர் ரோலரைக் கழற்றிக் கையில் எடுத்து விரலால் தடவினார். விரல் வெள்ளையானது. மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, யாரு இங்கன பவுடர் போடுதது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டப்பா மெஷின் மேலேதான் இருந்தது.

மெக்கானிக் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஞ்சில்லாத துணியை ஸ்பிரிட்டில் லேசாக நனைத்து ரோலரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இந்த ரப்பர்தான் தாளைப் பிடிச்சு இழுக்கணும். இதுல மாவு மாதிரி படிஞ்சுட்டா வழுக்கும். சில நேரம் இழுக்காது, சில நேரம் கொத்தா இழுக்கும். தாள்ல இருந்து வர்ற தூசும் இதோட சேர்ந்துருக்கு." பிறகு அடியில் இருந்த ஒரு சின்ன ரப்பர்த் துண்டைக் காட்டினார். "இதுதான் ரெண்டாவது தாளு வராம தடுத்து நிறுத்தும். தேய்ஞ்சு வழுவழுன்னு ஆயிட்டு. மாத்திருங்க."

"அது பெறவு பாத்துக்கிடுவோம்" என்றார் அண்ணாச்சி.

மெக்கானிக் எழுந்து சுவரோரம் போனார். அடியில் இருந்த கட்டு ஒன்றைப் பிரித்தார். தாள் ஓரம் அலை அலையாக நெளிந்திருந்தது. இரண்டு தாளைச் சேர்த்துப் பிடித்து உதறினார். பிரியவில்லை.

"தாளு பூரா ஓதம் ஏறிக் கெடக்கு. ஈரத் தாளு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். உள்ள சூட்டுல சுருளும். கீழ வைக்காதீங்க, சுவத்துல சாத்தாதீங்க. மேல பலகையில வைங்க. பிரிச்ச கட்டை உறையோட மூடி வைங்க."

பிறகு ட்ரேயைப் பார்த்தார். பின் கைடு நீளத் தாளுக்கான இடத்தில் நின்றது. மெஷினிலும் அளவு லீகல் என்றே இருந்தது. இரண்டையும் மாற்றினார். "வேற தாளு வச்சா இதை ரெண்டையும் மறக்காம மாத்தணும்" என்றார். அக்கா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "அண்ணே, எனக்குக் கை வேர்க்கும். அதனாலதான் இப்படி ஆகுதா?"

அவர் என் கையைப் பார்த்தார். அந்தக் கடையில் முதல்முறையாக ஒருவர் முகம் சுளிக்காமல் பார்த்தார். "கை வேர்வை மேல இருக்க ரெண்டு மூணு தாளோட போச்சும்மா. துணியில துடைச்சுக்கிட்டா தீந்துச்சு. கட்டு கட்டா நனைக்கதுக்கு உங்க கை என்ன குழாயா? பவுடர் போடாண்டாம். அதுதான் ரோலரைக் கெடுத்துச்சு."

அண்ணாச்சி இப்போது ஏதாவது சொல்லுவார் என்று பார்த்தேன். சொன்னார்.

"கேட்டியா ஏட்டி? ரோலரைக் கெடுத்தது நீதான்."

"அண்ணாச்சி, நீங்கதான போடச் சொன்னியோ."

"உன் கை ஒழுங்கா இருந்தா நான் எதுக்குப் போடச் சொல்லப்போறேன்?"

மெக்கானிக் வாயைத் திறந்தார். அண்ணாச்சி அவரைப் பார்த்தார். மெக்கானிக் கருவிகளை ஒவ்வொன்றாகப் பையில் எடுத்துவைத்தார். வாடிக்கைக் கடை. அவருக்கும் குடும்பம் இருக்கும்.

போகும் முன் தாள் கட்டுகளையெல்லாம் அவரே மேல் பலகைக்கு ஏற்றிக்கொடுத்தார். புதிதாக ஒரு கட்டு வாங்கிவந்து ட்ரேயில் வைக்கச் சொன்னார். அண்ணாச்சி என்னிடம், "நீ ரெண்டு நாளைக்கு வராண்டாம். நோட்டீஸ் வேலை முடியட்டும்" என்றார்.

அந்த இரண்டு நாளும் மெஷின் ஒருதடவைகூட நிற்கவில்லை. ரோலர் சுத்தம், தாள் காய்ந்த தாள், ட்ரே சரியான அளவில் இருந்தது. ஏன் நிற்கும்? ஆனால் மூன்றாவது நாள் நான் போய் வாசலில் செருப்பைக் கழற்றியபோதே அக்கா சொல்லிவிட்டாள்.

"ஏட்டி, நீ வராத ரெண்டு நாளும் எப்படி ஓடுச்சு தெரியுமா? வெண்ணெய் மாதிரி."

"மெக்கானிக் சரி பண்ணுனாருல்லாக்கா."

"அவரு இருந்தது ஒரு மணி நேரம். நீ இருந்தது அஞ்சு மாசம்."

அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்தபடியே சொன்னார். "எனக்கு உம்மேல கோவம் ஒண்ணும் கெடையாது. நானே கண்ணால பாத்துட்டேன். நீ இருந்தா ஓட மாட்டேங்கு, நீ இல்லேன்னா ஓடுது. நான் யாபாரம் பண்ணணும்லா? சம்பளத்தை வாங்கிட்டுப் போயிரு."

"அண்ணாச்சி, மேல வச்ச தாளையும் தொடச்ச ரோலரையும் வச்சு ஒரு நாளு என்னையப் பாக்க விடுங்க. ஒரே ஒரு நாளு. நின்னா நானே போயிருதேன்."

"கல்யாண வேலை ஓடுது. உன்னைய வச்சு சோதனை பண்ணிட்டு இருக்கச் சொல்லுதியா?"

செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது அந்த ஒரு நாளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டே வந்தேன். ஒரே ஒரு நாள் கொடுத்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். நான் இல்லாமல் மெஷின் ஓடியதைப் பார்த்தார்கள். நான் இருந்து ஓடுவதைப் பார்க்க யாருக்கும் மனமில்லை.

அருவியில் தண்ணீர் குறைந்தது. என் வீட்டுக்காரர் எண்ணெய்ப் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார். நான் இலஞ்சியிலும் மேலகரத்திலும் கடை கடையாகக் கேட்டுப்பார்த்தேன். ஒரு ஜெராக்ஸ் கடையில், "ஐந்தருவின்னு சொல்லுவாங்களே, அந்தம்மாவா?" என்று கேட்டார்கள். பேர் எனக்கு முன்னால் பஸ் ஏறிப் போயிருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். குடையை மடக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி, நீ கடையை விட்டு எறங்கும்போது என்ன சொல்லிட்டு வந்தே?"

"ஒண்ணும் சொல்லலியேக்கா."

"மனசுக்குள்ள?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். மழை தொடங்கியதிலிருந்து மெஷின் மறுபடியும் மூன்று நான்கு தாளாக இழுக்கிறதாம். சிக்குகிறதாம். நான் வயிறெரிந்து சாபம் விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று அண்ணாச்சி சொல்கிறாராம். கையை வைத்துத்தான் ஏதோ செய்துவிட்டேனாம்.

"உள்ளதைச் சொல்லுதேன் கேளு. நீ வந்து சூடம் அணைச்சு சத்தியம் பண்ணிட்டேன்னா அவரு மனசு ஆறிரும். உன்னையத் திரும்ப வேலைக்கு வச்சுக்கிடுதேன்னு சொல்லியிருக்காரு. நான்தான் உனக்காகப் பேசுனேன்."

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "போகாத ஏளா" என்றார்.

நான் போனேன். சாமி பேரால் சத்தியம் பண்ணுவதில் எனக்குப் பயமில்லை. நான் யாரையும் சபிக்கவில்லை என்பது உலகம்மைக்குத் தெரியும். அதோடு அடுப்படியில் அரிசி டின் எந்த அளவில் இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

கடைக்குள் நுழைந்ததும் என் கண் தன்னால் சுவரோரம் போனது. புதிதாக வந்த தாள் கட்டுகள் மறுபடியும் தரையில், ஓதமேறிய அதே சுவரில் சாய்த்து அடுக்கியிருந்தன. மேல் பலகையில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகளை நிறுத்திவைத்திருந்தார்கள். திறந்து கிடந்த ட்ரேயில் ஏ ஃபோர் தாளுக்குப் பின்னால் மூன்று விரல் அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது.

"அண்ணாச்சி, தாளு திரும்பவும் கீழ..." என்று ஆரம்பித்தேன்.

"அதைக் கேக்கதுக்கு உன்னைய வரச் சொல்லல."

மெஷினுக்கு முன்னால் ஒரு தாம்பாளத் தட்டு. அதில் வெற்றிலை மேல் பெரிய சூடக்கட்டி. பக்கத்துக் கடைக்காரரும் டீ கொண்டுவருகிறவரும் வந்து நின்றார்கள். நகல் எடுக்க வந்த இரண்டு பேர் என்னவோ ஏதோ என்று நின்றார்கள். அண்ணாச்சி மெஷினுக்குப் பட்டை போட்டு, சூடத்தைக் கொளுத்தினார்.

எங்கள் பக்கத்தில் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. நான் கண்ணை மூடினேன். தாயே, இந்த மெஷினுக்கோ இந்தக் கடைக்கோ நான் மனசாலகூடக் கெடுதல் நினைக்கவில்லை, நினைத்திருந்தால் என்னைக் கேள். சத்தமாகவே சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளங்கையால் சூடத்தை அடித்தேன்.

சுஸ் என்று ஒரு சின்னச் சத்தம். சூடம் அணைந்துவிட்டது. கை சுடவில்லை. சிவக்கக்கூட இல்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. தாய் காட்டிவிட்டாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். யார் முகத்திலும் அது இல்லை. டீக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அக்காதான் முதலில் சிரித்தாள்.

"சத்தியம் எங்க பண்ணுனா? தண்ணி ஊத்தி அணைச்சுட்டால்லா."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவர் இதை நிஜமாகவே யோசித்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது.

"சரிதான். ஈரக் கையில அணைச்சா அது செல்லாது. சுடணும்லா? சுடாம சத்தியம் என்ன சத்தியம்?" குனிந்து மேசைக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினார். அதே பவுடர் டப்பா. "இதைப் போட்டு நல்லா காயவச்சுட்டு இன்னொரு தடவை அடி. சுட்டுச்சுன்னா நாளைக்கே வேலைக்கு வா."

மல்லிகை வாசனை வந்தது. டப்பாவைப் பார்த்தேன். என் கையைப் பார்த்தேன். வேலை அந்த டப்பாவுக்குள் இருந்தது. சுட்டால் ஒரு கொப்புளம், நான்கு நாளில் ஆறிவிடும். வீட்டில் அடுப்பில் சுட்டுக்கொள்வதில்லையா. அதையெல்லாம் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

"அண்ணாச்சி, கோயில்ல சாமி இந்தக் கையிலதான் திருநீறு வாங்கிக்கிடச் சொல்லுது. வேர்த்த கையின்னு பாத்துட்டு ஒருநாளும் தராம இருந்ததில்ல. நான் சத்தியம் பண்ணுனது சாமிக்கு. அவ கேட்டுட்டா."

"அப்பம் போடமாட்டே?"

"மாட்டேன்."

"பாத்தேளா" என்றார் அண்ணாச்சி சுற்றி நின்றவர்களைப் பார்த்து. "மடியில கனம் இல்லேன்னா எதுக்குப் பயப்படணும்?" அவர்கள் தலையாட்டினார்கள். நகல் எடுக்க வந்த ஒருவர் மட்டும், "எங்க வேலை ஆகுமா ஆகாதா?" என்று கேட்டார்.

நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் மெஷின் கீச்சென்று கத்தி நின்றது. அக்கா பெருமூச்சு விட்டாள். "பாத்தேளா அண்ணாச்சி, அவ வாசல்ல நிக்கும்போதே..."

திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி ட்ரேயை இழுத்து, ஒட்டிக் கிடந்த தாள்களை வெளியே எடுத்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு நனைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். நனைத்த தாளை உள்ளே வைத்தார். மெஷினுக்கு இன்னொரு தடவை பட்டை போட்டு, கும்பிட்டுவிட்டு, பொத்தானை அழுத்தினார்.

நான் சந்து முனைக்குப் போகும்வரை அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதோடு என் பேரும்.